‘டாக்குமென்ட் எல்லாம் கிளியர் சார்’: தரகரின் செய்தியைத் திருத்தி எழுதும்போது

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இடம் தேடி வருகிறவர்களில் பலர் பொள்ளாச்சி, கோயம்புத்தூர் ஆட்கள். அவர்களிடம் தரகர்கள் பேசுவதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான். ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதும் தொழிலில் இருக்கிற என்னிடம் சிலர் அந்தச் செய்தியைக் காட்டி, “அண்ணா, இதைக் கொஞ்சம் நல்லா எழுதிக் கொடுங்க, பார்ட்டி படிச்ச ஆளு” என்பார்கள்.

சரி, எழுதலாம். ஆனால் நல்ல தமிழில் எழுதும்போதுதான் ஒரு வினை வந்து சேர்கிறது. கொச்சையாக இருந்தவரை தரகர் பேச்சு என்று பாதி தள்ளுபடி செய்து படித்த வாக்கியம், திருத்தமாக அச்சடித்த தாளில் வந்ததும் உறுதிமொழி ஆகிவிடுகிறது. ‘எல்லாம் கிளியர்’ என்பதை ‘உரிமை ஆவணங்கள் வில்லங்கமின்றி உள்ளன’ என்று நான் எழுதினால், யாரும் பார்க்காத ஒன்றுக்கு நான் சாட்சி சொன்ன மாதிரி. அதனால் திருத்துவதற்கு முன்னால் தரகரிடம் வரிக்கு வரி ஒரே கேள்விதான் கேட்பேன்: இது நீங்கள் கண்ணால் பார்த்ததா, காகிதத்தில் இருந்ததா, ஓனர் சொன்னதா?

வழக்கமாக வருகிற செய்தி ஒன்று இப்படி இருக்கும்:

“சார் 20 சென்ட் பாத்தாச்சு. டாக்குமென்ட் எல்லாம் கிளியர், ஈசியும் எடுத்தாச்சு. வயல் இல்ல, தோட்டம்தான், தென்னை நிக்குது. ரோடு வசதி இருக்கு. சென்ட் ரெண்டு லட்சம். ஞாயித்துக்கிழமை வந்தா ஓனர் இருப்பாரு. கொஞ்சம் டோக்கன் போட்டா வேற ஆளுக்குக் காட்டாம வச்சுக்கலாம்.”

இதில் எனக்குப் பயம் தருகிற வரி ‘வயல் இல்ல’. தென்னை நின்றால் தோட்டம் என்பது கண்ணுக்கு உண்மை. கேரளத்தில் வீடு கட்ட அனுமதி கேட்கும்போது மரத்தைப் பார்க்க மாட்டார்கள், பதிவைப் பார்ப்பார்கள். வில்லேஜ் ஆபீஸில் இருக்கும் அடிப்படை வரிப் பதிவேட்டில், அதாவது பி.டி.ஆரில், அந்த இடம் ‘நிலம்’ என்று இருந்தால் அது வயல் கணக்கு. ‘புரையிடம்’ என்று இருந்தால்தான் தோட்டக்கால். அதற்கு மேல் 2008ஆம் ஆண்டு நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி தயாரித்த வயல், நீர்நிலப் பட்டியலான டேட்டா பேங்க் வேறு இருக்கிறது. அதில் அந்த இடம் ஏறியிருந்தால், நீக்கச் சொல்லி ஐந்தாம் நம்பர் படிவத்தில் வருவாய்க் கோட்ட அலுவலரான ஆர்.டி.ஓ.வுக்கு மனுப் போட வேண்டும். டேட்டா பேங்கில் இல்லாமல் பி.டி.ஆரில் மட்டும் ‘நிலம்’ என்று இருந்தால் வழி வேறு. 2018 திருத்தத்துக்குப் பிறகு தரம் மாற்ற மனுக் கொடுக்கலாம், அளவைப் பொறுத்துக் கட்டணம் வரலாம். இரண்டுக்கும் காலம் பிடிக்கும். பொள்ளாச்சிக்காரருக்கு இந்த வேறுபாடு தெரியாது, பட்டா சிட்டா பார்த்துப் பழகியவர் அவர். ஆகவே குறிப்பில் ‘தோட்டம்’ என்று எழுதாமல், ‘இடத்தில் தென்னை நிற்கிறது, பி.டி.ஆர். நகலும் டேட்டா பேங்க் விவரமும் இன்னும் பார்க்கவில்லை’ என்று எழுதுவேன்.

அடுத்தது அளவு. ஆதாரத்தில் 20 சென்ட் என்று இருக்கும், கரம் ரசீதில், அதாவது நில வரி ரசீதில், ஆர் கணக்கில் இருக்கும். ஒரு சென்ட் 0.4047 ஆர். 20 சென்ட் என்றால் 8.09 ஆர் வர வேண்டும். ரசீதில் 7.80 என்று இருந்தால் அது 19.27 சென்ட்தான். முக்கால் சென்ட்கூட இல்லையே என்று விடக் கூடாது. சென்ட் 2 லட்சம் விலையில் அது ஏறக்குறைய 1,46,000 ரூபாய். ரீசர்வேயில் குறைந்திருக்கலாம், ரோட்டுக்கு விட்டிருக்கலாம், அளவில் பிழையும் இருக்கலாம். காரணத்தைக் குறிப்பில் ஊகிக்க வேண்டாம், இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

ஈசி, அதாவது இங்கே பாத்யதா சர்டிபிகேட், எடுத்தாயிற்று என்றால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். ‘எடுத்தாச்சு’ என்பது ஐந்து வருடத்துக்கும் பொருந்தும், முப்பது வருடத்துக்கும் பொருந்தும். தவிர, அதில் வருவது பதிவான விஷயம் மட்டும். ஆதாரத்தை வங்கியில் வைத்து வாங்கிய கடன் எல்லாமே அதில் வந்துவிடும் என்று நம்ப முடியாது. அதனால்தான் மூல ஆதாரம் இப்போது யார் கையில் இருக்கிறது என்பதைத் தனி வரியாக எழுதச் சொல்கிறேன். அந்தத் தரகர் போனில் பார்த்தது ஒரு போட்டோ. அப்படியானால் போட்டோ என்றே எழுத வேண்டும்.

மேலே உள்ள செய்தி கடைசியில் இப்படி ஆனது:

“வணக்கம். கொழிஞ்சாம்பாறை அருகே உள்ள 20 சென்ட் இடம் பற்றிய குறிப்பு.

பார்வை: ஞாயிறு காலை 10 மணி. மேப் இணைப்பு கீழே. உரிமையாளர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். சனி மாலை உறுதி செய்து எழுதுகிறேன். எல்லைக் கற்களைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், டேப் கொண்டு வருவேன்.

நான் நேரில் பார்த்தது: தென்னை நிற்கிறது. வாசலில் பாதை 9 அடி. உரிமையாளர் 12 அடி என்கிறார். பஞ்சாயத்துப் பாதையா, தனி வழியா என்பது உறுதியாகவில்லை.

நகலில் பார்த்தது: ஆதாரம் (போட்டோ), இந்த ஆண்டுக் கரம் ரசீது, பாத்யதா சர்டிபிகேட். ஆதாரத்தில் 20 சென்ட், ரசீதில் 7.80 ஆர், அதாவது 19.27 சென்ட்.

இன்னும் பார்க்காதது: மூல ஆதாரம், முன்னாதாரம், பி.டி.ஆர். நகல், டேட்டா பேங்க்.

விலை: சென்ட் 2 லட்சம், உரிமையாளர் கேட்பது. முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் தனி.”

டோக்கன் கேட்கும் வரி இதில் இல்லை. வேண்டுமென்றேதான் எடுத்தேன். பார்க்காத காகிதம் இத்தனை இருக்கும்போது பணம் கேட்பது அவசரப்படுத்துவது. பிறகு கேட்பதென்றாலும் தொகை, யார் கணக்குக்கு, இடம் சரிவராவிட்டால் எத்தனை நாளில் திரும்பும் என்பது எழுத்தில் இருக்கட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் இடம் கொடுக்காது, வங்கி வழியாகத்தான். இதைச் சொன்னால் சில தரகர்களுக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

நம்மூர் ஆதாரங்கள் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். வாங்குகிறவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால், தரகர் வாய்மொழியாகச் சொன்ன மொழிபெயர்ப்பைக் குறிப்பில் ஏற்ற வேண்டாம். எல்லை விவரம் இருக்கிற பக்கத்தைத் தனியே யாரிடமாவது படித்துக் கேட்கச் சொல்லி ஒரு வரி போதும். உரிமையாளரின் ஆதார் அட்டை, பான் அட்டைப் படங்களையும் இந்தக் குறிப்போடு சேர்த்து அனுப்பக் கூடாது. அந்தப் படங்கள் எத்தனை குரூப்புக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது.

“இப்படி எழுதினா பார்ட்டி ஓடிடும்ணா” என்றுதான் தரகர் முதலில் சொல்வார். ஓடுகிறவர் டேட்டா பேங்க் தெரிய வரும்போதும் ஓடத்தான் செய்வார். அப்போது அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு ஓடுவார். பார்வை முடிந்த அன்று மாலையே, மாறிய வரிகளை மட்டும் சேர்த்து இரண்டாவது குறிப்பு அனுப்புங்கள்: பாதை அளந்ததில் எவ்வளவு, எந்தக் கல் கிடைக்கவில்லை, உரிமையாளர் எந்தக் காகிதத்தை எந்தத் தேதிக்குள் தருவதாகச் சொன்னார் என்று.