ஜூஸ் டம்ளரின் ஓரத்தில் கருப்பு வளையம் ஏன் வருகிறது?

ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு 3டி படம் உருவாக்கும் பாத் டிரேசரில் வெறும் கண்ணாடி டம்ளர் பெரும்பாலும் சிக்கலின்றி வந்துவிடும். அதற்குள் ஆரஞ்சு ஜூஸை மாடல் செய்து வைத்ததும், ஜூஸைச் சுற்றி இருண்ட வளையம் ஒன்று தோன்றும். லைட்டைக் கூட்டினாலும் சாம்பிள்களை ஏற்றினாலும் அது போகாது. கோளாறு இரண்டு மெஷ்களும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

ஒரு டம்ளரை எடுத்துக்கொள்வோம். வெளி ஆரம் 40 மி.மீ., உள் ஆரம் 37 மி.மீ., கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5, ஜூஸுக்குத் தண்ணீரின் 1.333. இரண்டும் உரசக்கூடாது என்று ஜூஸைச் சற்றே சிறிதாக்கினால், நடுவில் மெல்லிய காற்றுப் படலம் நுழைந்துவிடும். மயிரிழை இடைவெளிதானே என்று விட முடியாது. கண்ணாடியிலிருந்து காற்றுக்குப் போகும் ஒளி 41.8 பாகையைத் தாண்டினால் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். கண்ணாடியிலிருந்து தண்ணீருக்கு என்றால் அந்த எல்லை 62.7 பாகை.

பக்கவாட்டிலிருந்து வரும் கதிருக்கு டம்ளரின் கிடைமட்டக் குறுக்குவெட்டு ஒரு வட்டம். அதில் விலகல் எண் × ஆரம் × கோணத்தின் சைன் என்ற பெருக்கல் கதிரின் பாதை முழுக்க மாறாது. அது கதிர் டம்ளரின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி வருகிறதோ அந்தத் தூரத்துக்குச் சமம். காற்றுப் படலம் இருந்தால் 37 மி.மீ.க்கு மேல் தள்ளி வரும் கதிர்கள் எல்லாம் உட்சுவரில் பட்டுத் திரும்பும். ஜூஸ் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த எல்லை 37 × 1.333, அதாவது 49.3 மி.மீ. டம்ளரே 40 மி.மீ.தான்! ஆகவே நிஜ டம்ளரில் ஜூஸின் நிறம் வெளி விளிம்பு வரை நிரம்பித் தெரியும். ரெண்டரிலோ இருபுறமும் 3 மி.மீ. பட்டையில் ஜூஸுக்குப் பதில் சுற்றுப்புறம் பிரதிபலிக்கும். ஸ்டூடியோ இருட்டாக இருந்தால் பட்டையும் இருட்டு.

இடைவெளி இல்லாமல் இரண்டு பரப்புகளையும் ஒரே இடத்தில் வைத்தால் எது முதலில் என்று ரெண்டரரால் உறுதியாகச் சொல்ல முடியாது. கரும்புள்ளிகள் தூவினாற்போல் வரும்.

சரியான வழி, ஜூஸைக் கண்ணாடிச் சுவருக்குள் நுழைத்து, யாருக்கு முன்னுரிமை என்று சொல்லிவிடுவது. 3 மி.மீ. சுவரில் பாதி, 1.5 மி.மீ. நுழைத்தால் போதும். அர்னால்டு ரெண்டரரில் `dielectric_priority` என்ற அமைப்பு இதற்குத்தான்; அங்கே பெரிய எண் வெல்லும். சில ரெண்டரர்களில் சின்ன எண் வெல்லும், ஆகவே முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு 3, ஐஸுக்கு 2 (விலகல் எண் 1.31), ஜூஸுக்கு 1.

கதிர் தான் எந்தெந்தப் பொருளுக்குள் இருக்கிறது என்ற பட்டியலைக் கூடவே கொண்டுபோகும். 40 மி.மீ.இல் கண்ணாடிக்குள் நுழைந்து விலகும். 38.5இல் ஜூஸின் பரப்பைச் சந்திக்கும். கண்ணாடி வலியது என்பதால் திரும்பாமல் நேரே போகும், ஆனால் ஜூஸ் பட்டியலில் ஏறிவிடும். 37இல் கண்ணாடியை விட்டு வெளியேறும்போது பட்டியலில் எஞ்சியிருப்பது ஜூஸ், ஆகவே 1.5இலிருந்து 1.333க்கு விலகல் நடக்கும். வேண்டியது அதுதான். எண்களை மாற்றிப் போட்டால் ஜூஸ் சுவரைத் தின்று, கண்ணாடி 1.5 மி.மீ. ஆக மெலியும். மெஷ்கள் ஓட்டையின்றி மூடியிருக்கவேண்டும், பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று காட்டும் நார்மல்கள் வெளிநோக்கி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் ஏறியது இறங்காது. கேமராவை ஜூஸுக்குள் வைத்தாலும் கணக்கு தப்பலாம், ஏனென்றால் பட்டியல் காலியாகத் தொடங்கும்.

முன்னுரிமை இல்லாத ரெண்டரரில், உதாரணமாகப் பிளெண்டரின் சைக்கிள்ஸில், ஒவ்வொரு பரப்பும் காற்றோடு சேர்ந்ததாகவே கணக்கிடப்படும். அங்கேயும் 0.1 மி.மீ. நுழைத்தால் வளையம் மறைகிறது. ஒரு பரப்பில் சைன் 1.333ஆல் வகுபடுகிறது, அடுத்ததில் 1.5ஆல் பெருகுகிறது, மொத்தத்தில் கண்ணாடியிலிருந்து தண்ணீருக்குப் போன அதே வளைவு. ஆனால் பிரதிபலிப்பு தவறும். நேராகப் படும் ஒளியில் உண்மையில் 0.35 சதவீதம் திரும்பவேண்டிய இடத்தில் இரண்டு பரப்பும் சேர்ந்து சுமார் 6 சதவீதத்தைத் திருப்பும். உட்சுவரில் வேண்டாத மினுமினுப்பு வரும்.

அதுவும் கூடாதென்றால், ஒட்டும் இடத்தில் ஒரே பரப்பை மட்டும் வைத்து, நார்மலை ஜூஸிலிருந்து கண்ணாடியை நோக்கித் திருப்பி, விலகல் எண்ணுக்கான `IOR` மதிப்பாக 1.333 / 1.5, அதாவது 0.889 கொடுக்கவேண்டும். நார்மல் எதிர்ப்பக்கம் இருந்தால் 1.125. ஜூஸின் மேற்பரப்புக்கு வழக்கமான 1.333. அசையாத டம்ளருக்கு இது துல்லியம். திரவ சிமுலேஷனில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பரப்பைப் பிரிப்பது நடக்கிற காரியமில்லை.

டம்ளரின் தடித்த அடிப்பாகத்தில் மட்டும் கருப்பு எஞ்சினால், சைக்கிள்ஸில் ஒரு கதிர் எத்தனை பரப்புகளில் படலாம் என்று வரையறுக்கும் `Transmission`, `Total` பவுன்ஸ் இரண்டையும் 12இலிருந்து 32க்கு ஏற்றிப் பாருங்கள். குறைந்தால் காரணம் பவுன்ஸ் எல்லை. பக்கச்சுவர் வளையம் இதற்கெல்லாம் அசையாது.