இரண்டு வருடத்தில் பதவியுயர்வு: யாருக்கு?

கொழும்பில் ஆட்சேர்ப்புப் பணியில் பல வருடங்கள் இருந்துவிட்டு, இப்போது வேலை தேடும் இளைஞர்களுக்கு ஆலோசனை சொல்லி வருகிறேன். சென்ற மாதம் வெள்ளவத்தையிலிருந்து ஒரு பெண் நியமனக் கடிதத்துடன் வந்தாள். வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை செய்துகொடுக்கும் ஓர் அலுவலகம். கடிதத்துடன் வண்ணத்தில் அச்சிட்ட ஒரு பதவி ஏணியும் இருந்தது: இளநிலை நிர்வாகி, மூத்த நிர்வாகி, குழுத் தலைவர், முகாமையாளர்.

"அக்கா, சராசரியாக இரண்டு வருடத்தில் அடுத்த படியாம்" என்றாள்.

அந்தத் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் கணக்குப் போட்டோம். நேர்முகப் பரீட்சையில் அவள் கேட்டறிந்தபடி, அந்தப் பிரிவில் இளநிலையில் 40 பேர், மூத்த நிர்வாகிகள் 12 பேர். ஏணியின் படத்தில் எல்லாப் படிகளும் ஒரே அகலம். உண்மையில் இரண்டாம் படியில் 12 பேருக்குத்தான் இடம். அங்கே ஓர் இடம் காலியானால்தான், அல்லது நிறுவனம் புதிதாக ஓர் இடத்தை உருவாக்கினால்தான், கீழே இருப்பவர் ஏற முடியும். ஒரு மூத்த நிர்வாகி ஏறத்தாழ மூன்று வருடம் அந்தப் பதவியில் இருக்கிறார் என்று வைத்தால், வருடத்துக்கு நான்கு இடங்கள் காலியாகும். அதில் ஒன்றுக்கு வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். மிச்சம் மூன்று. இரண்டு வருடம் முடித்துத் தகுதி பெற்றவர்கள் 18 பேர் என்றால், ஒரு வருடத்தில் ஆறு பேரில் ஒருவருக்குத்தான் வாய்ப்பு. இரண்டு வருடம் என்பது விண்ணப்பிக்கத் தகுதி வரும் காலம். இடம் கிடைக்கும் காலம் வேறு. நியமனக் கடிதங்களைப் படிக்கும்போது பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

அப்படியானால் "சராசரி இரண்டு வருடம்" பொய்யா? பொய்யில்லை, அதனால்தான் அது ஆபத்தானது. அந்தச் சராசரியை எடுக்கும்போது பதவியுயர்வு பெற்றவர்களை மட்டுமே கணக்கில் சேர்க்கிறார்கள். ஐந்து வருடமாக அதே நாற்காலியில் இருப்பவரும், காத்திருந்து சலித்து வெளியேறியவரும் அதில் வருவதே இல்லை.

இதைச் சரிபார்க்க ஒரே வருடத்தில் சேர்ந்த எல்லோரையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். லிங்க்ட்இன் தளத்தில் நிறுவனத்தின் பெயரையும் இளநிலைப் பதவியின் பெயரையும் இட்டு, 2021இல் சேர்ந்தவர்களைத் தேடச் சொன்னேன். 14 பேர் கிடைத்தார்கள். மூவர் மூத்த நிர்வாகிகளாகியிருந்தார்கள், நால்வர் அதே பதவியில் இருந்தார்கள், ஏழு பேர் வெளியேறியிருந்தார்கள். வெளியேறியவர்களைத் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது. அவர்களில் இருவர் வேறு இடத்தில் நேராக மூத்த பதவிக்கே போயிருந்தார்கள். ஆனால் அது இந்த ஏணியில் ஏறியதாகாது. எல்லோருக்கும் அந்தத் தளத்தில் பக்கம் இருப்பதில்லை, இருப்பவர்களிலும் பதவியுயர்வு பெற்றவர்களே அதை உடனுக்குடன் புதுப்பிப்பார்கள். எனவே உண்மை நிலை இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஏறிய மூவரில் இருவர் 2023இல் ஏறியவர்கள். இந்த விடயத்தைக் கொழும்பில் வேலை தேடுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவுசெய்து போனார்கள். அவர்களைத் தவிர வேறு வழிகளில் புலம்பெயர்ந்த கணக்காளர்களும் பொறியியலாளர்களும் ஏராளம். அலுவலகங்களின் நடுப்படிகள் திடீரெனக் காலியாகி, கீழே இருந்தவர்கள் வழக்கத்தைவிட வேகமாக மேலே போனார்கள். அப்படி ஏறியவர்கள் இளம் வயதினர். அந்த இடங்களில் இன்னும் பல வருடம் இருப்பார்கள். அன்றைய வேகத்தை வைத்து இன்றைய வாக்குறுதியை அளந்தால் கணக்குப் பிழைக்கும்.

இன்னொன்று, பதவியின் பெயர் மட்டும் மாறுவது. ஒரே படியை "நிலை 1", "நிலை 2" என்று பிரித்து, சம்பள அளவுத்திட்டமும் பொறுப்பும் மாறாமல் புதுப் பெயர் கொடுக்கிறார்கள். அதைப் பதவியுயர்வில் சேர்க்காதீர்கள்.

அவளிடம் ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தேன்: "நான் வரப்போகும் இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே?" மனிதவளப் பிரிவில் நழுவலான பதில்தான் வந்தது. ஆனால் பிரிவின் முகாமையாளர் நேர்மையாகப் பேசினார். முன்பிருந்தவர் விலகிவிட்டார் என்றும், அடுத்த வருடம் இரண்டு மூத்த இடங்கள் காலியாகலாம் என்றும், அவற்றில் ஒன்றுக்கு ஏற்கெனவே ஆள் மனதில் இருக்கிறது என்றும் சொன்னார்.

அவள் வேலையை ஏற்றுக்கொண்டாள். ஆனால் பதவியுயர்வை நம்பி அல்ல. அலுவலகம் பரீட்சைக் கட்டணம் தருகிறது, மாலை ஐந்தரைக்குப் பிறகு வகுப்புக்குப் போகலாம். மூன்று வருடத்தில் கணக்கியல் தொழிற்தகைமைப் பரீட்சைகளை முடிப்பது அவள் திட்டம். சம்பளம் பேசும்போது, பதவியுயர்வு வரும் என்று விட்டுக்கொடுக்க இருந்த தொகையையும் கேட்டு வாங்கினாள்.