முதல் சோதனையில் 'ரியாக்டிவ்' என்றால் எச்.ஐ.வி. உறுதி ஆகிவிடாது

பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் ஆய்வகத்துக்கு இந்த வாரமும் ஒரு கர்ப்பிணி அழுதபடி வந்தார். வேறொரு இடத்தில் எடுத்த எச்.ஐ.வி. சோதனை 'ரியாக்டிவ்', அதாவது தொற்று இருக்கலாம் என்ற முடிவு. தாளைப் பார்த்ததும் மாமியார் அவரை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த சோதனை செய்யக்கூட யாரும் காத்திருக்கவில்லை.

கணவர் என்னிடம் கேட்டார்: "டாக்டர், இந்த டெஸ்ட் 99.5 சதவீதம் சரியாம். அப்போ தப்பா இருக்க அரை சதவீதம்தானே வாய்ப்பு?"

படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். தொற்று இல்லாதவர்களில் எத்தனை பேருக்குத் தவறாக ரியாக்டிவ் வரும் என்பது ஒரு கேள்வி. ரியாக்டிவ் வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தொற்று இல்லை என்பது வேறு கேள்வி. அரை சதவீதம் என்பது முதல் கேள்விக்கான பதில். உங்களுக்கு வேண்டியதோ இரண்டாவது. நிபந்தனை நிகழ்தகவில் நிபந்தனையைத் திருப்பிப்போட்டால் விடையும் மாறும். எவ்வளவு மாறும் என்பது நோய் எவ்வளவு அரிது என்பதைப் பொறுத்தது.

எண்ணிப் பார்ப்போம். நம் நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ 0.2 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. 10,000 பேரைச் சோதித்தால் 20 பேருக்குத் தொற்று இருக்கும். அந்த 20 பேரையும் சோதனை பிடித்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 9,980 பேரில் அரை சதவீதம், அதாவது சுமார் 50 பேருக்குத் தவறாக ரியாக்டிவ் வரும். மொத்தம் 70 ரியாக்டிவ் தாள்கள். அவற்றில் உண்மையான தொற்று 20 மட்டுமே. ஏழில் இரண்டு!

ஆனால் ஐந்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள ஒரு குழுவில் இதே சோதனைக் கிட்டைப் பயன்படுத்தினால் 10,000 பேரில் 2,000 பேர் உண்மை, 40 பேர் தவறு. அங்கே ரியாக்டிவ் என்றால் அநேகமாகத் தொற்றுதான். கிட் மாறவில்லை, சோதிக்கப்படுபவர்கள்தான் மாறினார்கள்.

அதனால்தான் அறிகுறி இல்லாதவர்களுக்கு முதல் சோதனை ரியாக்டிவ் என்றால், வெவ்வேறு கிட்களால் மூன்று சோதனை செய்தே தொற்று என்று சொல்ல வேண்டும் என்பது தேசிய வழிமுறை. தயவுசெய்து அதே கிட்டில் மறுபடி செய்துவிட்டு உறுதியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். ஒருவர் இரத்தத்திலுள்ள ஏதோ ஒரு ஆன்டிபாடி, அதாவது உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம், அந்த கிட்டை ஏமாற்றுகிறது என்றால் இரண்டாம் முறையும் ஏமாற்றும். ஆன்டிபாடியைப் பிடிக்க வேறு ஆன்டிஜென் அல்லது வேறு முறை கொண்ட கிட் என்றால் அந்த 50 பேரில் பெரும்பாலோர் அங்கேயே கழிந்துவிடுவார்கள். இந்தப் பெண்ணுக்கும் அடுத்த சோதனைகள் நெகட்டிவ்தான்.

ஆய்வக நண்பர்களே, உறுதியாகாத தாளை உறவினர் கையில் கொடுக்காதீர்கள். சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் தடுக்கிறது.

கர்ப்பிணிகளே, தவறாகத்தான் இருக்கும் என்று சும்மா இருந்துவிடவும் வேண்டாம். ஏழில் இரண்டு சின்ன வாய்ப்பு இல்லை. அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் தரும் ஐ.சி.டி.சி. மையத்துக்கு உடனே போங்கள், சோதனை இலவசம். தொற்று உறுதியானால் தாமதிக்காமல் மருந்து தொடங்குவதுதான் குழந்தைக்குப் பரவாமல் தடுக்கும் முக்கிய வழி.