பின் கண்ணாடியில் விழும் வளைந்த கீறல்

பின் கண்ணாடியில் அரை வட்டமாகக் கீறல் விழுந்து சர்வீஸுக்கு வரும் கார்களை அடிக்கடி பார்க்கிறேன். "பின் வைப்பரை நான் போடுவதே இல்லையே!" என்பார் உரிமையாளர். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் வைப்பர் ஓடியிருக்கிறது.

பல கார்களில் முன் வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் கியர் போட்டால் பின் வைப்பர் தானாகவே துடைக்கும். மழையில் பின்னால் பார்த்து ஓட்டுவதற்கான வசதி இது. தூறல் நின்ற பிறகும் லீவர் விட்டுவிட்டுத் துடைக்கும் நிலையிலேயே இருப்பதுதான் சிக்கல். அதிலும் இடைவெளியை நீளமாக வைத்திருந்தால், முன் வைப்பர் ஓடுவதே நினைவில் இருக்காது. ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் காய்ந்த புழுதிமேல் பழைய ரப்பர் தேய்க்கும்.

அப்படி வந்த ஒரு காரில் பின் பிளேடின் ரப்பர் ஓரம் கிழிந்து, அதற்குள் மணல் ஒட்டியிருந்தது. கீறலின் வளைவும் பிளேடு போகும் பாதையும் அப்படியே பொருந்தின. உங்கள் காரிலும் இப்படி நடக்கிறதா என்று பார்க்க, இரண்டு கண்ணாடிகளையும் நனைத்துவிட்டு, பிரேக்கை மிதித்தபடி முன் வைப்பரைப் போட்டு ரிவர்ஸ் கியருக்கு மாற்றுங்கள். சில கார்களில் இதைத் திரையில் உள்ள அமைப்புகளில் நிறுத்திவைக்கலாம். நிறுத்தாவிட்டாலும் சரி, புழுதி படிந்திருந்தால் முதலில் பின் வாஷரை அடித்துவிடுங்கள். தண்ணீர் வரவில்லை என்றால் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது, தண்ணீரில்லாமல் ஓடினால் பம்பு கெட்டுவிடும்.

பின் பிளேடை மாற்றும்போது முன் பிளேடுகளையும் பாருங்கள். முன் வைப்பரின் கைகள் பானெட் விளிம்புக்குக் கீழே ஒளிந்திருக்கும் கார்களில் கையை அப்படியே தூக்கினால் பானெட்டில் இடித்து பெயின்ட் பெயரும். அதற்குத்தான் சர்வீஸ் பொசிஷன். பெரும்பாலும் இக்னிஷனை அணைத்த சில நொடிகளுக்குள் லீவரை ஒருமுறை துடைக்கும் பக்கம் தள்ளினால் கைகள் கண்ணாடியின் மேலே ஏறி நின்றுவிடும். சில கார்களில் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றில் திரை வழியாகத்தான் முடியும். கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே வந்ததும் கையைத் தூக்கி, கண்ணாடிமேல் மடித்த துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். இதை யாரும் செய்வதில்லை, நான் வலியுறுத்தவே விரும்புகிறேன். பிளேடு கழன்ற வெறும் இரும்புக் கை, ஸ்பிரிங் இழுத்து சட்டென்று விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். கொக்கி வகை என்றால் நடுவில் உள்ள பூட்டை அழுத்திக்கொண்டு பிளேடைக் கையின் அடிப்பக்கமாக இழுத்தால் கழன்றுவரும். ஓட்டுநர் பக்கத்துப் பிளேடும் மற்றதும் பெரும்பாலும் ஒரே நீளம் இல்லை, மாற்றிப் போட்டால் ஒன்றோடொன்று இடிக்கும்.

புதிய பிளேடு 'டக்' என்று பூட்டிய பிறகு துண்டை எடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் கண்ணாடிமேல் மெல்லப் படுக்க வையுங்கள். அப்புறம்தான் இக்னிஷனைப் போட்டு லீவரைத் தொட வேண்டும். தூக்கிய நிலையிலேயே கைகள் கீழே இறங்கினால் பானெட்டில்தான் போய் இடிக்கும்.