ஆட்ஸ் ரேஷியோ 6 என்றால் ஆறு மடங்கா?

"ஆய்வுக் கட்டுரையில் ஆட்ஸ் ரேஷியோ 6 என்று போட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் வாய்ப்பு ஆறு மடங்காகிறது என்றுதானே அர்த்தம்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இல்லை. ஆனால் இப்படிப் படித்துவிட்டதற்காக அவர் கூச்சப்பட வேண்டியதில்லை, உலகின் பெரிய பத்திரிகைகளே ஒருமுறை இதில் சறுக்கியிருக்கின்றன.

1999 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நெஞ்சுவலி நோயாளிகளாக நடிகர்களை நடிக்கவைத்து வீடியோ எடுத்து, அதை அமெரிக்க மருத்துவர்கள் 720 பேருக்குக் காட்டி, இவரை இதயக் கதீட்டர் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவருக்கான ஆட்ஸ் ரேஷியோ 0.6 என்று முடிவு வந்தது. செய்திகளில் அது "கறுப்பினத்தவரைப் பரிசோதனைக்கு அனுப்பும் வாய்ப்பு 40 சதவீதம் குறைவு" என்று ஆகிவிட்டது. உண்மையில் வெள்ளையரில் 90.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 84.7 சதவீதம் பேருக்கு மருத்துவர்கள் பரிசோதனையைப் பரிந்துரைத்திருந்தார்கள். வித்தியாசம் 5.9 சதவீதப் புள்ளி. பாகுபாடு இல்லை என்று சொல்லவரவில்லை, இருந்தது. ஆனால் 40 எங்கே, 6 எங்கே? அதே ஆண்டு ஜூலையில் ஷ்வார்ட்ஸ், வொலோஷின், வெல்ச் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை அதே இதழில் எடுத்துக்காட்டினார்கள். ஊடகங்கள் மிகைப்படுத்தியதற்கு இதழின் ஆசிரியர்களே பொறுப்பேற்றுக்கொண்டு, கட்டுரையின் சுருக்கத்தில் ஆட்ஸ் ரேஷியோவை அனுமதித்திருக்கக் கூடாது என்று எழுதினார்கள்.

அந்த 0.6 தப்பான கணக்கும் இல்லை. ஆட்ஸ் என்பது நடந்ததை நடக்காததால் வகுப்பது. 90.6-ஐ 9.4-ஆல் வகுத்தால் சுமார் 9.6. 84.7-ஐ 15.3-ஆல் வகுத்தால் சுமார் 5.5. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.57, அதாவது ஏறக்குறைய 0.6. கணக்கு சரி, ஆனால் மனிதர்கள் யாரும் ஆட்ஸில் யோசிப்பதில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் என்றுதான் யோசிக்கிறோம். ஒரு நிகழ்வு மிக அரிதாக இருந்தால் ஆட்ஸும் நிகழ்தகவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும், அப்போது "மடங்கு" என்று படித்தாலும் பெரிய சேதம் இல்லை. நிகழ்வு சகஜமாக நடப்பதாக இருந்தால் இரண்டும் வெகுதூரம் விலகிப்போகும்.

அப்புறம் ஏன் எல்லாரும் ஆட்ஸ் ரேஷியோவையே போடுகிறார்கள்? ஆம்/இல்லை என்று முடியும் எதற்கும், தேர்ச்சியா தோல்வியா, நோய் வந்ததா வரவில்லையா, ஆய்வாளர்கள் கையில் எடுக்கும் கருவி லாஜிஸ்டிக் ரிக்ரஷன். அது நிகழ்தகவை நேரடியாகக் கூட்டிக் கழிப்பதில்லை, ஆட்ஸின் மடக்கையில் கூட்டுகிறது. அதனால் மென்பொருள் துப்பும் எண்ணை அடுக்கேற்றினால் ஆட்ஸ் ரேஷியோ சும்மா கிடைத்துவிடுகிறது. கையில் வந்ததை அப்படியே அட்டவணையில் போட்டுவிடுகிறார்கள். தரவு திரட்டுவதற்குக் கோடிகளில் நிதி கேட்டு வாங்கத் தெரிந்தவர்களுக்கு, முடிவைப் படிக்கிற மாதிரி எழுத ஒரு நாள் ஒதுக்க மனம் வராதது எனக்கு எப்போதும் எரிச்சல்தான். நிதி கொடுப்பவர்களாவது இதைக் கேட்கலாம்.

சரி, மாற்று என்ன? சராசரி மார்ஜினல் எஃபெக்ட். பெயர்தான் பெரிது, வேலை எளிது. ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் என் கற்பனை, கையால் சரிபார்க்க வசதியாகத் தேர்ந்தெடுத்தவை.

ஒரு தேர்வுக்கு முன் ஒரு பயிற்சி வகுப்பு. யாருக்கு வகுப்பு, யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறோம், பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. எழுதுபவர்களில் சரிபாதி பாடத்துக்குப் புதியவர்கள், மறுபாதி ஏற்கெனவே கொஞ்சம் படித்தவர்கள். புதியவர்களில் வகுப்பு இல்லாமல் நூற்றுக்கு 10 பேர் தேர்ச்சி, வகுப்போடு 40 பேர். படித்தவர்களில் வகுப்பு இல்லாமல் 40, வகுப்போடு 80.

ஆட்ஸ் ரேஷியோ போட்டுப் பாருங்கள். புதியவர்களுக்கு 10/90 என்பது 40/60 ஆகிறது: ஆறு மடங்கு. படித்தவர்களுக்கு 40/60 என்பது 80/20 ஆகிறது: அதுவும் ஆறு மடங்கு. இரண்டு குழுவிலும் அச்சு அசலாக 6. ஆனால் தேர்ச்சி விகிதம் புதியவர்களுக்கு நான்கு மடங்கு, படித்தவர்களுக்கு இரண்டு மடங்கு. சதவீதப் புள்ளியில் 30, 40. வாசகர் கேட்ட "ஆறு மடங்கு" எங்குமே இல்லை.

மார்ஜினல் எஃபெக்ட் செய்வது இதுதான். லாஜிஸ்டிக் ரிக்ரஷன் மாதிரியைத் தரவுக்குப் பொருத்தி முடித்ததும், தரவில் உள்ள ஒவ்வொருவரையும் எடுத்துக்கொள்கிறோம். அவர் உண்மையில் வகுப்புக்குப் போனாரா இல்லையா என்பதை மறந்துவிட்டு, போனதாக வைத்துக்கொண்டு ஒரு நிகழ்தகவு கணிக்கிறோம். போகாததாக வைத்துக்கொண்டு இன்னொன்று. மற்ற விவரங்கள் எதையும் தொடுவதில்லை. இரண்டையும் கழித்தால் அந்த ஆளுக்கு வகுப்பால் எவ்வளவு வித்தியாசம் என்று மாதிரி சொல்லும் விடை வந்துவிடும். எல்லாருடைய விடைகளையும் சராசரி எடுத்தால் முடிந்தது. R மென்பொருளில் நான்கே வரி:

```r
m  <- glm(pass ~ course + prior, data = d, family = binomial)
p1 <- predict(m, transform(d, course = 1), type = "response")
p0 <- predict(m, transform(d, course = 0), type = "response")
mean(p1 - p0)
```

நம் உதாரணத்தில் விடை 0.35. "வகுப்பு தேர்ச்சி விகிதத்தைச் சராசரியாக 35 சதவீதப் புள்ளி உயர்த்துகிறது" என்று எழுதினால் யாருக்கும் விளக்கவுரை தேவையில்லை.

இனிமேல் வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு குழுவையும் ஒன்றாகக் கலந்துவிடுங்கள், யார் புதியவர், யார் படித்தவர் என்ற தகவலே நம்மிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பு இல்லாதவர்களில் தேர்ச்சி 10-க்கும் 40-க்கும் நடுவில், அதாவது 25. வகுப்பு உள்ளவர்களில் 40-க்கும் 80-க்கும் நடுவில், 60. இப்போது ஆட்ஸ் 25/75-லிருந்து 60/40 ஆகிறது. மூன்றில் ஒன்றிலிருந்து ஒன்றரைக்கு. ரேஷியோ 4.5!

ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். ஒரு குழுவில் 6, இன்னொரு குழுவிலும் 6, கலந்தால் 4.5. வகுப்பு குலுக்கலில் கிடைத்தது, ஆகவே கெட்டிக்காரர்கள் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள் என்று சொல்லவும் வழியில்லை. இரண்டு 6-களின் எந்தச் சராசரியும் 4.5 ஆகாது. ஆனாலும் ஆகியிருக்கிறது. காரணம், லாஜிஸ்டிக் வளைவு நேர்கோடு அல்ல, S வடிவம். நிகழ்தகவுகளை முதலில் சராசரி எடுத்துவிட்டு ஆட்ஸுக்கு மாற்றுவதும், ஆட்ஸுக்கு மாற்றிவிட்டுச் சராசரி எடுப்பதும் வெவ்வேறு இடத்தில் கொண்டுபோய் விடும். குழுக்களுக்கு இடையே தேர்ச்சி வாய்ப்பு எவ்வளவுக்கெவ்வளவு விலகி இருக்கிறதோ, கலவையின் ரேஷியோ அவ்வளவுக்கவ்வளவு 1-ஐ நோக்கிச் சுருங்கும்.

சதவீதப் புள்ளியில் பாருங்கள்: 30, 40, கலந்தால் 60 கழித்தல் 25, அதாவது 35. இரண்டின் சராசரி அப்படியே நிற்கிறது. வெறும் கழித்தல் என்பதால் சராசரி எடுக்கும் வரிசை மாறினாலும் விடை மாறாது.

இதன் நடைமுறை விளைவு சின்னது அல்ல. ஒரே தரவை வைத்து ஓர் ஆய்வாளர் முன்படிப்பை மாதிரியில் சேர்க்கிறார், இன்னொருவர் சேர்க்கவில்லை. ஒருவருக்கு 6, மற்றவருக்கு 4.5. "முன்படிப்பைக் கணக்கில் எடுத்ததும் வகுப்பின் விளைவு கூடியது" என்று கட்டுரையில் ஒரு பத்தி எழுதிவிடுவார்கள், அதற்கு ஒரு கோட்பாடும் கண்டுபிடிப்பார்கள். எதுவும் கூடவில்லை, அளவுகோல்தான் நீண்டிருக்கிறது. அப்படியா இல்லையா என்று பார்க்க வேண்டுமானால் இரண்டு மாதிரிகளிலும் மார்ஜினல் எஃபெக்டைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் 35 வந்தால் விஷயம் அளவுகோலில். அதுவும் கணிசமாக மாறினால் நிஜமாகவே ஏதோ குழப்பும் காரணி உள்ளே இருக்கிறது.

சறுக்கும் இடங்கள் இதிலும் உண்டு. மேலே உள்ள வரிகளில் `type = "response"` விட்டுப்போனால் நிகழ்தகவுக்குப் பதிலாக மடக்கை ஆட்ஸ் வரும். நம் உதாரணத்தில் 0.35-க்குப் பதில் 1.79 காட்டும். ஒன்றைத் தாண்டிய எண் நிகழ்தகவு வித்தியாசமாக இருக்க முடியாது என்பதால் இதை உடனே பிடித்துவிடலாம். பிடிக்கச் சிரமமானது இன்னொன்று. Stata-வில் `margins, dydx(course)` என்று கேட்கும்போது, மாதிரியில் அந்த மாறியை `i.course` என்று எழுதாமல் வெறும் `course` என்று எழுதியிருந்தால், அதை மென்பொருள் ஆம்/இல்லை மாறியாகப் பார்க்காமல் தொடர்ச்சியான எண்ணாக எடுத்துக்கொண்டு வளைவின் சாய்வைக் கணக்கிடும். நம் தரவில் 35-க்குப் பதிலாக சுமார் 33 வரும். நம்பும்படியான தப்பு, அதனால்தான் ஆபத்து.

சராசரி என்பதால் சராசரிக்கு உள்ள குறையும் கூடவே வரும். எழுதுபவர்களில் 80 சதவீதம் பேர் புதியவர்கள் என்று வைத்தால் விடை 35 அல்ல, 32. யாருக்கான சராசரி என்று சொல்லாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வேறு கூட்டத்துக்குப் போகக் கூடாது. அந்த 1999 ஆய்விலேயே இன்னும் மோசமான ஒன்று ஒளிந்திருந்தது. வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், கறுப்பின ஆண்கள் மூவருக்கும் பரிந்துரை 90.6 சதவீதம்தான். கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் 78.8. முழு வித்தியாசமும் ஒரே குழுவில், கிட்டத்தட்ட 12 புள்ளி! இனவாரியாகச் சராசரி எடுத்ததும் அது பாதியாகி, கறுப்பின ஆண்கள் மீதும் பரவிவிட்டது. ஆட்ஸ் ரேஷியோவை விட்டுவிட்டு 5.9 புள்ளி என்று எழுதியிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. ஆகவே ஒரே ஒரு சராசரியோடு நிறுத்தாமல், குழுவாரியாகவும் போடுங்கள். அதே `p1 - p0` பட்டியலைக் குழுவாகப் பிரித்துச் சராசரி எடுப்பதுதான் வேலை, ஆனால் அதற்கு முன் இனமும் பாலினமும் சேர்ந்து தரும் விளைவுக்கு மாதிரியில் இடம் கொடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாக் குழுவுக்கும் ஒரே ஆட்ஸ் ரேஷியோவை மாதிரியே திணித்துவிடும்.

ஆட்ஸ் ரேஷியோவை முழுக்கத் தூக்கி எறியவும் முடியாது. நோய் வந்த 500 பேரையும் வராத 500 பேரையும் ஆய்வாளரே தேடிப்பிடித்து ஒப்பிடும் ஆய்வுகள் உண்டு. அங்கே தரவில் பாதிப் பேருக்கு நோய் இருப்பது ஊர் நிலவரம் அல்ல, ஆய்வாளர் வைத்த விகிதம். அதிலிருந்து நேரடியாக மார்ஜினல் எஃபெக்ட் எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஆட்ஸ் ரேஷியோ மட்டும் அந்த விகிதத்தால் பாதிக்கப்படாமல் தப்பிக்கும், அரிதான நோய்க்கு அதை மடங்காகவே படிக்கலாம் என்று புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட் 1951-லேயே காட்டியிருக்கிறார். நிஜ மக்கள்தொகையில் நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று வேறு வழியில் தெரிந்தால், அதற்கேற்ப எடை கொடுத்துப் புள்ளிகளுக்கு மாற்றலாம். தெரியாவிட்டால் அந்த அட்டவணையில் ஆட்ஸ் ரேஷியோ இருப்பதுதான் சரி.