ஆன்லைனில் விற்றால் ஜிஎஸ்டி எப்போது: 40 லட்சமா, முதல் பார்சலா?

ஆன்லைனில் பொருள் விற்பவர்களிடம் பேசினால் இரண்டு விதமாகச் சொல்வார்கள். "ஆப்பில் விற்க ஜிஎஸ்டி நம்பர் இல்லாமல் முடியாது" என்பது ஒன்று. "40 லட்சம் வரை கவலையே வேண்டாம்" என்பது இன்னொன்று. முதலாவது 2023 செப்டம்பர் வரை சரியாக இருந்தது. இரண்டாவது இன்றைக்கும் பாதிதான் சரி.

2017இல் ஜிஎஸ்டி வந்தபோது, ஆன்லைன் தளம் வழியாகப் பொருள் விற்பவர் பத்தாயிரம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு செய்தாக வேண்டியிருந்தது. அதே பொருளைக் கடையில் வைத்து விற்பவருக்கு மட்டும் ஆண்டு விற்பனையில் ஒரு வரம்பு இருந்தது, அதைத் தாண்டும்வரை பதிவு வேண்டாம். அது முதலில் 20 லட்சமாக இருந்து, 2019 ஏப்ரலில் 40 லட்சமானது. 2023 அக்டோபர் 1 முதல் தளத்தில் விற்கும் சிறு வியாபாரிக்கும் இந்த வரம்பைத் திறந்துவிட்டார்கள். ஆனால் நிபந்தனையோடு: விற்பனை முழுவதும் ஒரே மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். gst.gov.in தளத்தில் பான் எண், முகவரி, மாநிலம் ஆகியவற்றைக் கொடுத்துச் சேர்க்கை எண் ஒன்றையும் வாங்க வேண்டும். இது ஜிஎஸ்டி பதிவு எண் அல்ல. இதற்கு வரியும் கிடையாது, ரிட்டர்னும் கிடையாது. ஆனால் இது கைக்கு வரும் முன் தளத்தில் விற்கக் கூடாது.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். பண்ருட்டியில் ஒருவர் உடைத்துத் தோல் நீக்கிய முந்திரிப் பருப்பை வாங்கி, பாக்கெட் போட்டு விற்கிறார். அவர் நாகர்கோவிலுக்கு எத்தனை பார்சல் அனுப்பினாலும், வரம்பு தாண்டாதவரை பதிவு கேட்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு ஒரு கிலோ அனுப்பினால் கதை வேறு. அது மாநிலம் தாண்டிய விற்பனை. அதற்கு 40 லட்சம், 20 லட்சம் என்ற பேச்சே இல்லை. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம்.

சேர்க்கை எண்ணை மட்டும் வைத்திருப்பவருக்கு வெளிமாநில ஆர்டர் போகாமல் பார்த்துக்கொள்வது தளத்தின் பொறுப்பு. அதனால் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஆர்டர் எடுத்து, தானே கூரியர் போடுகிறவர்தான். அங்கே தடுக்க ஆள் இல்லை. வாங்குபவர் எந்த ஊர்க்காரர் என்பதைவிடப் பார்சல் எங்கே இறங்குகிறது என்பதைப் பாருங்கள். பெங்களூரில் இருக்கும் மகள் பணம் கட்டி, மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பச் சொன்னால், டெலிவரி முகவரியான மதுரைதான் கணக்கு. (கைவினைப் பொருள்களுக்கு இந்த எல்லை விதியில் தனிச் சலுகை உண்டு. முந்திரிக்கு இல்லை.)

சரி, அவர் தமிழ்நாட்டைத் தாண்டவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் விற்றுமுதல் கணக்கு வருகிறது. ஏப்ரல் தொடங்கி கடையில் 27 லட்சம், வாட்ஸ்அப் ஆர்டரில் 2.2 லட்சம். தளம் கமிஷன், அனுப்பும் செலவு எல்லாம் கழித்துக்கொண்டு வங்கியில் போட்டது 9.6 லட்சம். கூட்டினால் 38.8 லட்சம், இன்னும் இடமிருக்கிறது என்று தோன்றும். ஆனால் தளத்தில் வாடிக்கையாளர்கள் கொடுத்த விலை 11.5 லட்சம். சட்டம் பார்ப்பது அதைத்தான். மொத்தம் 40.7 லட்சம், வரம்பு தாண்டிவிட்டது. தாண்டிய நாளிலிருந்து 30 நாளுக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வங்கிப் பாஸ்புக்கைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தளம் தரும் விற்பனை அறிக்கையை எடுங்கள். ஒரே பான் எண்ணில் நாடு முழுக்க நடக்கும் எல்லா விற்பனையும், வரி விலக்குள்ள பொருள் உட்பட, இதில் சேரும்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. 40 லட்சம் என்பது பொருள் மட்டும் விற்பவருக்கு. சேவையும் கலந்தால் 20 லட்சம்தான். நம் முந்திரிக்காரர் மாடி வீட்டை ஒரு குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருந்தால்? குடியிருப்பு வாடகைக்கு வரி இல்லை. ஆனாலும் அது சேவை. சட்டத்தை எழுத்துப்படி பார்த்தால் அவர் 20 லட்சத்திலேயே பதிவு செய்திருக்க வேண்டும். டெபாசிட் வட்டி மட்டும் வந்தால் இந்தச் சிக்கல் இல்லை. அதற்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. வாடகைக்குத் தரவில்லை. எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

புதுச்சேரியிலோ தெலங்கானாவிலோ இருந்து விற்பவருக்குப் பொருளுக்கும் 20 லட்சம்தான். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை விற்பவருக்கும் 40 லட்சம் கிடையாது.

பதிவு செய்யாமல் விட்டால், வரம்பு தாண்டிய நாளிலிருந்து வரியைக் கேட்பார்கள். அதோடு அபராதமாக 10,000 ரூபாய் அல்லது கட்டாமல் விட்ட வரி, இரண்டில் எது அதிகமோ அது. விற்ற பாக்கெட்டுக்கு வாடிக்கையாளரிடம் திரும்பப் போய் வரி கேட்க முடியாது என்பதால், அந்தப் பணம் லாபத்திலிருந்துதான் போகும்.