கடை விளக்கில் ஒரே கலர், வாசலுக்கு வந்தால் ரெண்டு கலர்

போன மாதம் காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு தங்கச்சி என் தையல் கடைக்கு வந்தாள். சாம்பல் கலர் காட்டன் இரண்டரை மீட்டர், அதே கலரில் ஷிபான் துப்பட்டா, லைனிங்குக்கு பாப்ளின் இரண்டு மீட்டர். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு பர்கூரில் எடுத்தது. "பார்த்துப் பார்த்து மேட்ச் பண்ணேன்க்கா" என்று கட்டிங் டேபிளில் விரித்தாள். டேபிள் ஜன்னலோரம் இருக்கிறது. காலை வெளிச்சத்தில் டாப் துணியில் லேசாகப் பச்சை ஓடியது, துப்பட்டா கத்தரிப்பூப் பக்கம் சாய்ந்து நின்றது.

"மாத்திக் கொடுத்துட்டாங்க" என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தி எல்இடி டியூப்பைப் போட்டேன். ரெண்டும் மறுபடி ஒன்றாகிவிட்டன. யாரும் மாற்றவில்லை.

காட்டனுக்குப் போடும் சாயம் வேறு, ஷிபான் என்று மலிவாகக் கிடைக்கும் பாலியஸ்டருக்குப் போடும் சாயம் வேறு. ரெண்டு வேறு சாயக் கலவைகள் ஒரு விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரியலாம். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறங்களும் தொடர்ச்சியாக இருக்கின்றன. சாதாரண எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும், அடர் சிவப்பு குறைவு. அதனால் ஒரு துணியில் ஒளிந்திருக்கும் சிவப்பை அந்த விளக்கு காட்டிக்கொடுப்பதில்லை. சாம்பல், காக்கி, வெங்காயத் தோல் கலர் போன்றவை பெரும்பாலும் இரண்டு மூன்று சாயம் கலந்து வருபவை என்பதால் இவைதான் அதிகம் ஏமாற்றும். வெள்ளையில் வேறு வம்பு. துணியைப் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் வெண்மைப் பொருள், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால்தான் நன்றாக வேலை செய்யும். கடைக்குள் ஒன்றாக இருந்த ஆஃப் ஒயிட் டாப்பும் லைனிங்கும் வெளியே வந்ததும், ஒன்று நீலம் அடிக்கும், இன்னொன்று பழுப்படிக்கும்.

ஆகவே மீட்டர் துணியை வெட்டச் சொல்வதற்கு முன்பே வாசலுக்குப் போய்ப் பாருங்கள். வெட்டிய துணியைப் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள். "அண்ணே, வாசல்ல ஒரு நிமிஷம் பார்த்துக்கறேன்" என்றால் ரோலைக் கடைப் பையனே தூக்கி வருவான். டாப்பை ஏற்கெனவே எடுத்துவிட்டால் ஓரத்தில் ரெண்டு விரல் அகலத் துண்டு வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். நாலு நூலை உருவிக்கொண்டு போனால் நிறம் சரியாகத் தெரியாது. நேர் வெயிலில் நின்றால் கண் கூசும், நிழலில் நில்லுங்கள். கடை முன்னால் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தால் அதைத் தாண்டி வந்துவிடுங்கள், அந்த நீலம் துணி மேல் விழும். மெல்லிய துப்பட்டாவை நாலாக மடித்து டாப்போடு ஓரம் ஒட்டி வையுங்கள். போனில் படம் எடுத்துப் பார்ப்பதை நான் நம்புவதில்லை, கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்துவிடும்.

லைனிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். ஜார்ஜெட் மாதிரி ஊடுருவித் தெரியும் துணி என்றால், லைனிங்கைக் கையில் சுற்றி அதன் மேல் டாப் துணியை ஒற்றையாகப் போட்டுப் பாருங்கள். உடம்பில் தெரியப்போகும் நிறம் அதுதான். கொஞ்சம் வெளிர் லைனிங் போட்டால் மெரூன் ஜார்ஜெட்டே சாயம் போனது மாதிரி தெரியும். சரியான கலர் கிடைக்காவிட்டால் கொஞ்சம் அடர்ந்த கலராக எடுங்கள். தடித்த காட்டனுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம், லைனிங் வெளியே தெரிவது சைடு ஓப்பனிலும் கீழ் மடிப்பிலும் மட்டும்தான். ஆனால் பாப்ளின் சுருங்கும். பத்து சென்டிமீட்டர் கூட எடுத்து, தைக்கக் கொடுக்கும் முன் நனைத்துக் காயவையுங்கள்.

பகல் வெளிச்சத்தில் பொருந்தியே ஆக வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். தினம் காலேஜுக்குப் போடுகிற சுடிதாருக்கு வாசல் வெளிச்சம் முக்கியம். ராத்திரி ரிசப்ஷனுக்கு மட்டும் என்றால் மண்டப விளக்குதான் கணக்கு. ரெண்டுக்கும் வேண்டுமென்றால், கடை விளக்கிலும் வாசலிலும் பார்த்து, ரெண்டு இடத்திலும் ஒன்றாக நிற்பதை எடுங்கள். அப்படி அமையவில்லையா, கான்ட்ராஸ்ட்டுக்குப் போய்விடுங்கள். கிட்டத்தட்ட ஒரே கலர் என்பதுதான் கண்ணை உறுத்தும்.

அந்தத் தங்கச்சியின் விசேஷம் ராத்திரி மண்டபத்தில் என்பதால் துப்பட்டாவை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னேன். பகலில் போட, கடுகு மஞ்சளில் ஒரு காட்டன் துப்பட்டா வாங்கிக்கொண்டாள். அதை வாங்கும்போது கடைக்காரர் பில் போடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம், இவள் வாசலிலேயே நின்றிருக்கிறாள்.